வீட்டைப் பார்க்கும் முன் அந்த வாரம் களத்தில் என்ன வேலை என்று கேளுங்கள்

“சென்னையில் இருக்கோம். நான், வீட்டுக்காரர், 9 வயசுப் பையன், 68 வயசு அம்மா. டிசம்பர் கடைசி லீவில் மூணு ராத்திரி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏதாவது கிராமத்தில் தங்கணும். ரிசார்ட் வேண்டாம். அமைதியா இருக்கணும், மாடு, வயல், காலையில் ஒரு நடை, வீட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான். தேடினால் எல்லா இடமும் ‘ஃபார்ம் ஸ்டே’ன்னுதான் போட்டிருக்காங்க. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?”

நான் பாலக்கோடு பக்கம். எங்கள் வீட்டில் தங்க வைக்க இடம் கிடையாது, ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் இந்தப் பக்கம் வீடு பார்த்துக் கொடுப்பது பல வருடமாக நடக்கிறது, அதில் நன்றாக அமைந்ததும் உண்டு, முதல் ராத்திரியே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும் உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் டிசம்பர் கடைசி என்று சொன்னது எனக்குப் பெரிய உதவி, ஏனென்றால் எங்கள் ஊரில் பாதி விஷயத்தை மாதம்தான் தீர்மானிக்கிறது. மே, ஜூன் என்றால் மாங்காய். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் தோப்புத் தோப்பாக அறுப்பு நடக்கும், பெங்களூராவும் செந்தூராவும் லாரியில் ஏறும். மார்ச், ஏப்ரலில் மானாவாரி நிலத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது, செம்மண்ணும் வெயிலும்தான், அந்தச் சமயம் வந்தவர்கள் அறைக்குள் ஃபேனுக்கு அடியில் இருந்துவிட்டுப் போனார்கள். டிசம்பர் கடைசியில் ராகி அடிப்பு இருக்கும், அவரை காய்க்கும், பனி இறங்கும். இந்த மூன்றுக்கும் பொருந்துகிற வீடுதான் உங்களுக்கு வேண்டும். நீச்சல் குளம், புல்தரை, ஊஞ்சல் என்று படத்தில் போட்டிருக்கிற இடத்தில் இதில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

அதனால் போன் செய்யும்போது அறை எப்படி, வாடகை எவ்வளவு என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, “அந்த வாரம் உங்கள் களத்தில் என்ன வேலை நடக்கும்?” என்பதாக இருக்கட்டும். உண்மையில் விவசாயம் பண்ணுகிறவர் உடனே பதில் சொல்வார், அதுவும் துல்லியமாகச் சொல்லாமல் இழுத்துத்தான் சொல்வார்: “ராகி அறுத்துப் போர் போட்டிருக்கோம்ங்க, ஆள் கிடைச்சா அந்த வாரம் அடிப்போம், அவரை இரண்டாவது பறிப்பு வரும்.” வாடகைக்காக மட்டும் தோட்டம் வைத்திருப்பவர் “எல்லாமே இருக்கும் சார், நீங்க வாங்க” என்பார். அந்த “எல்லாமே” என்ற சொல்லைக் கேட்டால் அடுத்த இடத்தைப் பாருங்கள். இரண்டாவது கேள்வி, பால் எங்கே ஊற்றுகிறார்கள் என்பது. கறவை மாடு வைத்திருக்கிற வீட்டில் காலையிலும் சாயங்காலமும் பால் சொசைட்டிக்கோ பால் வண்டிக்கோ போயே ஆகணும், நேரத்தைச் சொல்வார்கள். படத்துக்காகக் கட்டி வைத்த ஒரு மாட்டுக்கு அந்த நேரக் கணக்கு இருக்காது.

ராகியைப் பற்றிக் கேட்கும்போது ஒன்றைக் கூடவே கேளுங்கள்: கையறுப்பா, மெஷினா? அறுவடை மெஷின் இறங்கினால் ஒரு ஏக்கர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும், உங்கள் பையனுக்குப் பார்க்க ஒரு பெரிய வண்டி மட்டும்தான் மிஞ்சும். கையறுப்பு என்றால் கதிரை அறுத்துக் கட்டி, போர் போட்டு, சில நாள் அல்லது சில வாரம் கழித்துக் களத்தில் பரப்பி அடிப்பார்கள். முன்பு மாடு கட்டி கல் உருளை இழுத்த வேலையை இப்போது டிராக்டர் செய்கிறது, சில ஊரில் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டியெல்லாம் அதன் மேல் ஏறிப் போகும். அடித்த பிறகு தூற்றுவதைத்தான் உட்கார்ந்து பார்க்கணும். காற்று இல்லாமல் தூற்ற முடியாது, அதனால் பெரும்பாலும் முற்பகலுக்குப் பிறகுதான், முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மெல்லச் சாய்ப்பார்கள். சிவப்பு மணி நேராகக் காலடியில் விழும், உமி தனியாக இரண்டு அடி தள்ளிப் போய் விழும். காற்று நின்றால் முறத்தை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், மறுபடி வந்தால் மறுபடி தூக்குவார்கள். பையனை ஒரு சின்ன முறம் கேட்டு வாங்கி நிற்க வையுங்கள், முதல் பத்து முறை எல்லாமே சேர்ந்துதான் விழும், அப்புறம் கை பழகிவிடும். ராகித் தூசி அரிக்கும், முழுக்கை சட்டை போடுங்கள். அம்மாவுக்கு இழுப்பு, ஆஸ்துமா இருந்தால் காற்று வருகிற பக்கம் உட்கார வையுங்கள், போகிற பக்கம் வேண்டவே வேண்டாம்.

அவரை விஷயம் இன்னும் நல்லது. எங்கள் பக்கம் ராகிக்கு நடுவில் சில சால்களுக்கு ஒரு சால் அவரை, துவரை என்று சேர்த்து விதைப்பது பழைய வழக்கம். ராகி அறுத்த பிறகு அந்தக் கொடிக்கு வெயிலும் இடமும் கிடைத்துப் பரவும், மார்கழிப் பனி இறங்க இறங்கக் காய்க்கும். பனி விழுந்த அவரைக்குத் தனி மணம் உண்டு, செடிப் பக்கம் போனாலே கையில் பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி ஒட்டும், வீட்டுக்கு வந்து கையை முகர்ந்தால் அப்படியே இருக்கும். முற்றின காயை உரித்து, கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும். பிதுக்குப் பருப்பு என்பது இதுதான். நாலு பேருக்குக் குழம்பு வைக்கிற அளவு பிதுக்க இரண்டு பேருக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், அதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடலாம். மூட்டு வலி இருக்கிற வயசானவர்கள் திண்ணையில் உட்கார்ந்தபடி சேர்ந்துகொள்ளக்கூடிய வேலை இது, உங்கள் அம்மாவுக்கு நடையைவிட இதுதான் ஒத்து வரும் என்று நினைக்கிறேன். அதனால் வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “ஒரு நாள் பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும் வேணும்ங்க, நாங்களும் கூட உட்கார்ந்து பிதுக்குறோம்.” சொல்லாவிட்டால் சென்னைக்காரர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று நினைத்துச் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்துவிடுவார்கள்.

களியை மெல்லக் கூடாது என்று பையனுக்குச் சொல்லிவிடுங்கள். கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்கணும். மென்றால் பல்லில் அப்பிக்கொண்டு பிடிக்காமல் போய்விடும், மறுபடி கேட்க மாட்டான்.

இனி அமைதி. ரொம்பப் பேர் ஏமாறுவது இதில்தான், ஏனென்றால் படத்தில் சத்தம் தெரியாது. எங்கள் இரண்டு மாவட்டத்திலும் கிராமத்து அமைதியைக் கெடுப்பது எது என்று வரிசையாக யோசித்தால் எனக்கு முதலில் வருவது கல் குவாரி. கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பெயர் போன ஊர், பர்கூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி என்று பல பக்கம் குவாரியும் கிரஷரும் உண்டு. பகலில் வெடி வைப்பார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், விடியற்காலையிலிருந்து டிப்பர் லாரி மண் ரோட்டில் ஓடி எழுப்புகிற தூசியும் சத்தமும்தான் தாங்காது. இதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். வீடு இருக்கிற லொகேஷனைக் கேட்டு வாங்கி மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டு, சுற்றிலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாக வெட்டின பள்ளம், நடுவில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தால் குவாரி. வெள்ளை வெளேரென்று வரிசையாக நீளப் பட்டை தெரிந்தால் பசுமைக்குடில், ஒசூர், தளி, கெலமங்கலம் பக்கம் ரோஜா வளர்ப்பது அதில்தான், அங்கே மருந்து அடிப்பது அடிக்கடி நடக்கும். தனியாக நீள நீளமாகத் தகரக் கூரை என்றால் கோழிப் பண்ணையாக இருக்கலாம், காற்று திரும்பினால் நாற்றமும் ஈயும் வீட்டுக்குள் வரும்.

மேப்பில் தெரியாத சத்தம் இரண்டு. ஒன்று போர்வெல் கம்ப்ரசர். தண்ணீர் ஆழத்துக்குப் போன இடத்தில் சாதாரண மோட்டாருக்குப் பதில் கம்ப்ரசர் வைத்துக் காற்றை உள்ளே தள்ளித் தண்ணீரை மேலே எடுப்பார்கள், அது ஓடினால் கால் கிலோமீட்டருக்கு ‘டக டக டக’ என்று விடாமல் கேட்கும், கரண்ட் ராத்திரி வந்தால் ராத்திரியும் ஓடும். பக்கத்துத் தோட்டத்துக் கம்ப்ரசராக இருந்தாலும் அதே கதைதான். இரண்டாவது, நீங்கள் வருவது மார்கழி. ஊருக்குள் கோயில் பக்கம் வீடு என்றால் விடியற்காலை 5 மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பிக்கும். எனக்கு அது பிடிக்கும், சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தது, ஆனால் தூங்க வந்தவர்களுக்கு அப்படி இருக்காது. ஊரை விட்டு ஒரு கிலோமீட்டராவது தள்ளி, நிலத்திலேயே கட்டியிருக்கிற வீடு என்றால் அந்தப் பாட்டு தூரத்தில் மெல்லக் கேட்கும், அது சுகம். இந்தப் பக்கம் நிலத்தில் குடியிருப்பது சகஜம், அப்படி வீடு கிடைப்பது கஷ்டம் இல்லை.

இதற்கெல்லாம் நான் செய்கிற ஒரே சோதனை இதுதான். வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று ராத்திரி 9 மணிக்கு ஒரு நிமிடம், விடியற்காலை 5 மணிக்கு ஒரு நிமிடம், வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்வேன், பேச வேண்டாம், போனைச் சும்மா பிடித்தால் போதும். “எதுக்குங்க?” என்று கேட்பார்கள், “அம்மாவுக்குத் தூக்கம் கம்மி, அதான்” என்றால் புரிந்துகொள்வார்கள். காலை 5 மணிப் பதிவில் சேவலும் மாடு மூச்சு விடுவதும் கேட்டால் நல்லது. ஒரே சீராக ஒரு இரைச்சல் பின்னால் ஓடினால் அது நெடுஞ்சாலை. பகலில் பேசிக்கொண்டு இருக்கும்போது அது காதில் விழாது, ராத்திரி படுத்த பிறகுதான் தெரியும்.

சரி, இனி யானை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காடு ஒட்டின இடம் என்று தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் நிறைய வீடுகள் விளம்பரத்தில் வரும், அழகான ஊர்கள்தான், குளிரும் அதிகம், தளியைக் குட்டி இங்கிலாந்து என்றே சொல்வார்கள். ஆனால் ராகி முற்றுகிற சமயத்திலிருந்து அறுப்பு முடிகிற வரை, ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஜனவரி தாண்டியும், பன்னேர்கட்டா பக்கத்துக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஒசூர் பக்கத்துச் சானமாவு காடு, ராயக்கோட்டைப் பக்கத்து ஊடேதுர்கம் காடு வரை வந்து தங்கும். ராத்திரி வயலில் இறங்கி மேயும், விடியும்போது காட்டுக்குத் திரும்பும். நீங்கள் நடக்க ஆசைப்படுகிற காலை 5.30 மணி, பனி மூட்டம், பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாத நேரம், அதுவேதான் அது திரும்பிப் போகிற நேரம். காட்டோரத்தில் அந்த மாதம் தங்கினால் விடிந்து நன்றாக வெளிச்சம் வருவதற்கு முன்பும் சாயங்காலம் 5 மணிக்குப் பிறகும் நடை கிடையாது என்று மனதில் வைத்துக்கொண்டுதான் முடிவு எடுக்கணும். நடைக்காகவே வருகிறவர்களுக்கு டிசம்பரில் அந்தப் பக்கம் ஒத்து வராது என்பது என் அபிப்பிராயம். பிப்ரவரி, மார்ச்சுக்கு மேல் போங்கள், அதுவும் உள்ளூர் ஆள் கூட.

இன்னொரு ஆபத்து யானையைவிடப் பெரியது, அது மின்வேலி. காட்டுப்பன்றிக்குப் பயந்து சிலர் சட்டத்துக்கு விரோதமாக வயலைச் சுற்றிக் கம்பி கட்டி ராத்திரி கரண்ட் கொடுக்கிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் அங்கேயே சுற்றி நின்றன. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. யானைக்கு ஆனது மனுஷனுக்கும் ஆகும், ஆகியிருக்கிறது. அதனால் இருட்டில் வயலுக்குள் குறுக்கு வழியில் இறங்கக் கூடாது. முழங்கால் உயரத்தில் குச்சி நட்டு மெல்லிய கம்பி ஓடினால், அது பகலாக இருந்தாலும், கையோ காலோ படக் கூடாது. வண்டிப் பாதை, ஏரிக்கரை, ஊர் ரோடு, இவற்றிலேயே நடங்கள். வீட்டுக்காரரிடம் முதல் நாளே “எந்த வரப்பில் போகக் கூடாது?” என்று கேட்டுவிடுங்கள், அவருக்குப் பக்கத்து நிலத்துக்காரன் என்ன கட்டியிருக்கிறான் என்று தெரியும்.

இப்போது ஒரு குடும்பத்துக்கு எப்படி அமைந்தது என்று சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். என் சித்தப்பா மகள் போன டிசம்பரில் சென்னையிலிருந்து மாமியார், எட்டு வயசுப் பெண் எல்லோரோடும் மூன்று ராத்திரிக்கு வந்தாள். மூன்று இடம் கையில் இருந்தது. ஒன்று தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரத்தில் பெரிய பண்ணை வீடு. படம் பிரமாதம். களத்தில் என்ன வேலை என்று கேட்டதற்கு “கேம்ப்ஃபயர் போடலாம்” என்றார்கள். யானைக் கணக்கும் சேர்ந்து அதை விட்டோம். இரண்டாவது கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்புக்குள் மாடி வீடு. தோப்பு அருமை, நல்ல மனுஷர்கள், ஆனால் டிசம்பர் கடைசியில் மாமரம் பூ எடுக்க ஆரம்பிக்கும், அதற்கு முன்னும் பின்னும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பது உண்டு, கேட்டதும் அவரே மறைக்காமல் “அந்த வாரம் அடிச்சாலும் அடிப்போம்மா, குழந்தையோட வர்றீங்க, மே மாசம் வாங்களேன்” என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னவரிடம்தான் அடுத்த மே மாதம் போகலாம் என்று இருக்கிறோம். அவர் அனுப்பின காலைப் பதிவில் நெடுஞ்சாலை இரைச்சலும் இருந்தது.

மூன்றாவது பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் நடுவில் நாலு ஏக்கர் நிலம், ஓட்டு வீடு, ஒட்டினாற்போல் புதிதாகக் கட்டின இரண்டு அறை. படத்தில் பார்த்தால் யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், சுவரில் சுண்ணாம்புகூடச் சரியாக அடிக்கவில்லை. ஆனால் போனில் அந்த வீட்டு அண்ணன் சொன்னது இது: “ராகி ஒரு ஏக்கர் போர்ல இருக்கு, நீங்க வர்ற ரெண்டாவது நாள் அடிக்கலாம்னு இருக்கோம். அவரை இருக்கு. மாடு மூணு, ரெண்டு கறக்குது. பட்டுப்புழு நாலாம் தூக்கம் முடிஞ்சு தழை தின்னுட்டு இருக்கும், ஆனா உள்ள வரணும்னா நான் சொல்றபடி வரணும்.” கடைசி வாக்கியம்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு நமக்குக் காட்டுகிற ஆள் என்று தெரிந்தது. ஒரு அறைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு நாளுக்கு 2500 ரூபாய் பேசி முடித்தோம்.

பட்டுப்புழு மனையைப் பற்றிச் சொல்லணும், தர்மபுரி பக்கம் தங்கினால் இதை விட்டுவிடக் கூடாது. புழு நாலு முறை தூங்கி எழுந்து தோல் உரிக்கும், நாலாவது தூக்கம் முடிந்த பிறகு ஏழெட்டு நாள் வெறி பிடித்தாற்போல் மல்பெரித் தழையைத் தின்னும். புதுத் தழை போட்ட ஐந்தாவது நிமிடம் மனைக்குள் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் கேட்கும், ஆயிரக்கணக்கான வாய் மெல்லுகிற சத்தம் அது. அந்தப் பெண் குழந்தை முதலில் வெளியே எட்டிப் பார்த்து “மழையா?” என்றுதான் கேட்டாள். உள்ளே போகச் செருப்பை வெளியே விட்டு, வாசலில் பரப்பியிருக்கிற பிளீச்சிங் பவுடர் கலந்த சுண்ணாம்பில் காலை வைத்து, கை கழுவிவிட்டுப் போகணும். சென்ட் அடித்திருந்தாலோ, கொசுவுக்கு மருந்து தடவியிருந்தாலோ, புகையிலை வாசம் இருந்தாலோ உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது, ஒரு ஆளின் கவனக்குறைவில் மொத்தப் புழுவும் போய் அவர்களுடைய ஒரு மாத உழைப்பு போய்விடும். யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படம் எடுக்கலாம் என்கிற இடம் இருந்தால் அங்கே புழு வளர்ப்பது பிழைப்புக்காக இல்லை.

அவர்களுடைய நடை எப்படி இருந்தது என்றால், காலை 6.30க்கு மேல் வெளிச்சம் வந்த பிறகு பால் தூக்கை எடுத்துக்கொண்டு அண்ணனோடு சொசைட்டி வரை ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே பால் அளந்து, கொழுப்புப் பார்த்து, சீட்டு வாங்குகிற வரை நின்று, டீ குடித்துவிட்டு ஏரிக்கரை வழியாகத் திரும்புவார்கள். கரையில் ஒரு புளியமரத்தடியில் நடுகல் ஒன்று உண்டு, வில்லும் கத்தியுமாக ஒரு வீரன். இந்த இரண்டு மாவட்டத்திலும் மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் வயலிலும் ஏரிக்கரையிலும் நிறைய இருக்கின்றன, ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று பெயர் வைத்துக் கும்பிடுவார்கள். பையனுக்குப் பிடித்துப் போனால் திரும்பும்போது தர்மபுரி அருங்காட்சியகத்தில் இன்னும் பார்க்கலாம். மாமியார் சொசைட்டி வரை வரவில்லை, ஏரிக்கரை வரை மெல்ல வந்து கல்லில் உட்கார்ந்து இவர்கள் திரும்புகிற வரை கொக்கு பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நடுவில் நின்றுகொள்ளக்கூடிய பாதை இருக்கிறதா என்று நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், மலை ஏறுவது, கோட்டை பார்ப்பது என்றால் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகணும்.

குறையும் இருந்தது. கழிவறை அறைக்கு வெளியே பதினைந்து அடி தள்ளி இருந்தது, உட்காரும் கோப்பை இல்லை. முதல் ராத்திரி மாமியாருக்குக் கஷ்டமாகிவிட்டது, மறுநாள் காரிமங்கலம் போய் நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்து சமாளித்தோம். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நீங்கள் கழிவறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள், அறை படம் வராவிட்டாலும் பரவாயில்லை. வெந்நீர் விறகு அடுப்பில் அண்டாவில் போடுவார்கள், போதும். ராத்திரி வெளியே போக நல்ல டார்ச் இருக்கணும், வைக்கோல் போர், ராகிப் போர் பக்கம் எலி வரும், எலி பின்னால் பாம்பு வரும், அதனால் இருட்டில் போர் ஓரம் குழந்தையை விளையாட விட வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதா என்று கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் பல ஊரில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பெரியவர்கள் பல்லில் கறை பார்ப்பீர்கள், அந்தத் திட்டமே அதற்காகத்தான் வந்தது. மூன்று நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் குடித்தால்தான் பாதிப்பு, ஆனாலும் குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரே கொடுங்கள்.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். ஒசூர், தளி அளவுக்கு இல்லாவிட்டாலும் பாலக்கோட்டுப் பக்கம் டிசம்பர் கடைசியில் விடியற்காலை நன்றாக நடுங்கும், ஓட்டு வீட்டில் சந்து வழியாகக் காற்று இறங்கும். அம்மாவுக்குக் காதை மூடுகிற மாதிரி ஒரு தொப்பியும் தடித்த போர்வையும் நீங்களே எடுத்து வாருங்கள், அவர்கள் கொடுக்கிற போர்வை போதாது.

தேதியைப் பொறுத்தவரை 27 சாயங்காலம் வந்து 30 காலையில் கிளம்புவது போல வைத்துக்கொள்ளுங்கள். 31 ராத்திரி வேண்டாம், பெங்களூரிலிருந்து வருகிற கூட்டம் அன்றைக்குப் பண்ணை வீடுகளில் ஸ்பீக்கர் வைத்து ஆடும், நீங்கள் தங்குகிற வீடு அமைதியாக இருந்தாலும் பக்கத்துத் தோட்டத்தில் நடக்கலாம். ஒரு வருடம் என் நண்பன் குடும்பத்தை ஒரு இடத்தில் தங்க வைத்துவிட்டு அன்று ராத்திரி 1 மணிக்கு நானே போய்க் கூட்டி வந்தேன். அதற்குப் பிறகு “உங்கள் இடத்தை விழாவுக்கு வாடகைக்கு விடுவீர்களா?” என்பதையும் கேட்டுவிடுகிறேன். விடுவோம் என்றால் எந்தத் தேதியாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

சென்னையிலிருந்து காரில் கிருஷ்ணகிரி வரை சுமார் 260 கிலோமீட்டர், அங்கிருந்து சேலம் ரோட்டில் காவேரிப்பட்டணம் தாண்டினால் காரிமங்கலம். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள், கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதையை இருட்டில் தேடுவது கஷ்டம், ரோட்டில் ராகி பரப்பியிருந்தால் அதன் மேல் பிரேக் போட்டால் வழுக்கும், மெதுவாகப் போங்கள்.

கிளம்புகிற அன்று காலையில் பறித்த அவரைக்காய் இரண்டு மூன்று கிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சந்தை விலையைவிடப் பத்து ரூபாய் கூடவே கொடுங்கள், பறிக்கிறது லேசான வேலை இல்லை. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துவிடும், துணிப் பையில் போட்டு ஈரம் படாமல் வையுங்கள், வீட்டுக்குப் போனதும் அன்று ராத்திரியே உரித்து ஊறப் போட்டால் மறுநாள் காலை பையனே பிதுக்கிக் கொடுப்பான்.